பிந்தி வந்த முறைப்பாடும் அதற்கான காரணமும்

(கொழும்பில் வேலை செய்யும் தோட்டப் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்குமாக நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளவத்தைக் கடைகளிலும் கொட்டாஞ்சேனை வீடுகளிலும் எங்கள் தோட்டங்களின் பிள்ளைகள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று நாம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு லயனுக்கு ஒருவராவது இங்கே இருக்கிறார். அவர்களுக்கு ஒரு பிரச்சினை வரும்போது அது உடனே எங்கள் காதுக்கு வருவதில்லை. முதலில் முதலாளியிடம் கேட்டுப் பார்ப்பார்கள். பிறகு கொண்டுவந்து சேர்த்த தரகரிடம் சொல்வார்கள். பிறகு ஊருக்குப் போய் அம்மாவிடம் சொல்வார்கள். அம்மா தோட்டத் தலைவரிடம் சொல்வார். எங்கள் காரியாலயக் கதவைத் தட்டும்போது நாலு மாதம், எட்டு மாதம் கடந்திருக்கும்.

அப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இப்ப போய் முறைப்பாடு குடுத்தா எடுப்பாங்களா? ஏன் இவ்வளவு நாள் இருந்தாய்னு கேட்டா என்ன சொல்றது?" இன்றைக்கு அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறோம்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். எல்லா முறைப்பாட்டுக்கும் ஒரே கால எல்லை கிடையாது. சில இடங்களில் நாள் கடந்தால் எந்தக் காரணமும் எடுபடாது. சில இடங்களில் நாள் கடந்தாலும் தக்க காரணம் இருந்தால் கேட்பார்கள். இன்னும் சில இடங்களில் குறுகிய கால எல்லை கிடையாது, ஆனால் தாமதம் உங்கள் பேச்சின் நம்பகத்தன்மையைப் பாதிக்கும். நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் காரணம் எழுதத் தொடங்கினால் அந்த எழுத்து வீணாகிவிடும்.

முதலாவது, வேலையால் நிறுத்தப்பட்டவரின் கதை. ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு கடை. ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். ஒரு தம்பி ஆறு வருடம் அங்கே வேலை பார்த்தார். 2023 ஜனவரி 12ஆம் திகதி, "இனி வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். கடிதம் இல்லை. தம்பி கெஞ்சிப் பார்த்தார். "வெசாக் முடியட்டும், பார்ப்போம்" என்றார் முதலாளி. வெசாக் முடிந்தது. "அடுத்த மாதம் பார்ப்போம்" என்றார். ஆகஸ்ட் மாதம் தம்பி சங்கத்துக்கு வந்தார்.

வேலையால் நிறுத்தியது நியாயமா என்று கேட்கும் இடம் தொழில் நியாய மன்று. கடைக்காரர்கள் அதை லேபர் டிரிபியூனல் என்பார்கள். 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 31ஆ பிரிவுப்படி, வேலை முடிந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம் அங்கே போய்ச் சேர வேண்டும். ஜனவரி 12இல் நிறுத்தப்பட்டவர் ஜூலை 11ஆம் திகதிக்குள்ளேயே போட்டிருக்க வேண்டும். அம்மாவுக்கு வருத்தம், பஸ்ஸுக்குக் காசில்லை, முதலாளி வாக்குக் கொடுத்தார் என்ற எந்தக் காரணமும் அந்த ஆறு மாதத்தை நீட்டாது. இந்தக் கால எல்லை சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. மன்றின் தலைவர் இரங்கினாலும் அவருக்கு அதை நீட்ட வழியில்லை.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். 15 பேருக்குக் குறைந்தவர்கள் வேலை செய்யும் இடமென்றால் சேவைக்காலப் பணத்தைக் கேட்பதும் இதே மன்றில்தான், இதே ஆறு மாதத்துக்குள்தான். கொழும்பில் எங்கள் பிள்ளைகள் வேலை செய்யும் கடைகளில் பல இப்படிச் சின்னக் கடைகள். ஆகவே ஆறு மாதம் தவறினால் வேலையோடு சேர்த்து அந்தப் பணத்தைக் கேட்கும் வழியும் அடைபடுகிறது.

"பேசித் தீர்ப்போம்" என்று முதலாளி சொல்லும் ஒவ்வொரு மாதமும் இந்த ஆறில் ஒன்று கழிகிறது. தொழில் திணைக்களத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதும் அந்த நாட்களை நிறுத்தாது. விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுப் பேசுங்கள். போட்ட பிறகும் சமாதானமாக முடிக்கலாம். உங்கள் பெயரில் சங்கமே விண்ணப்பம் போடவும் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆகவே பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்று நாளைக் கடத்தாதீர்கள்.

சரி, அந்தத் தம்பிக்கு வேறு வழியே இல்லையா? மூன்று விஷயங்களைப் பார்த்தோம்.

ஒன்று, வேலை உண்மையில் எந்த நாளில் முடிந்தது என்பது. "வெசாக் முடிய வா" என்பது தற்காலிகமாக நிறுத்திவைத்ததா, முற்றாக நிறுத்தியதா? வெசாக்குக்குப் பிறகும் சம்பளம் கொடுத்திருந்தால், அல்லது "உன் வேலை இருக்கிறது, திகதி சொல்கிறேன்" என்று வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால், வேலை முடிந்த நாள் பிந்திய ஒரு நாள் என்று வாதிடலாம். ஆனால் அப்படி எதுவும் இல்லாமல் நாமாகவே திகதியைத் தள்ளி எழுதக்கூடாது. எதிர்ப்பக்கம் வரவுப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தால், திகதி மட்டுமல்ல, ஆளே பொய்யாகிவிடுவார்.

இரண்டு, ஈ.பி.எப். என்கிற ஊழியர் சேமலாப நிதி. தொழிலாளியின் 8 சதவீதத்தையும் முதலாளியின் 12 சதவீதத்தையும் ஒவ்வொரு மாதமும் கட்ட வேண்டியது முதலாளியின் கடமை. தொழில் நியாய மன்றின் ஆறு மாத விதி இதற்குப் பொருந்தாது. தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். கட்டாமல் விட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் முதலாளி மேலதிகக் கட்டணமும் செலுத்த வேண்டும். நாள் போகப்போக அந்தக் கட்டணம் கூடும். அங்கே தாமதத்துக்கு விலை கொடுப்பவர் அவர்தான். எங்களுக்குள்ள ஆபத்து வேறு. கடை மூடப்படலாம், கூட வேலை செய்தவர்கள் சிதறிப்போகலாம், ஆறு வருடம் வேலை செய்ததற்குச் சாட்சி இல்லாமல் போகலாம்.

மூன்று, சங்கம் இதை ஒரு கைத்தொழில் பிணக்காகத் தொழில் ஆணையாளரிடம் கொண்டுபோகலாம். அங்கிருந்து அமைச்சர் விரும்பினால் நடுத்தீர்ப்புக்கு அனுப்பலாம். ஆனால் அதை உரிமையாகக் கேட்க முடியாது. அவர்கள் இணங்க வேண்டும். அங்கே "ஏன் பிந்தியது" என்ற கேள்விக்கு நல்ல பதில் மிகவும் தேவைப்படும்.

இனி இரண்டாவது வகை. இதை விளக்க இந்த நகரத்திலேயே நடந்த ஒரு சம்பவத்தை நினைவுபடுத்துகிறோம். 2007 ஜூன் 7ஆம் திகதி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். 376 பேர் என்று அப்போது கணக்குச் சொல்லப்பட்டது. வவுனியா வரை கொண்டுபோகப்பட்டவர்கள் எந்த வழக்கறிஞரைப் பார்ப்பது, எங்கே மனுப் போடுவது? ஆனால் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் மறுநாளே, ஜூன் 8ஆம் திகதி, உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அன்றைக்கே அந்த வெளியேற்றத்தை நிறுத்தி இடைக்கால உத்தரவு கிடைத்தது. பாதிக்கப்பட்டவர் வர முடியாத நிலையில் வெளியே இருப்பவர் ஓட வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

பொலிஸாரோ அரச அதிகாரியோ உங்கள் அடிப்படை உரிமையை மீறினால் உயர் நீதிமன்றம் போக அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தரும் காலம் ஒரே ஒரு மாதம். தனியார் முதலாளிக்கு எதிராக இந்த வழி இல்லை. அரசின் செயலுக்கு மட்டும்தான். அடையாள அட்டை கையில் இல்லை என்று பிடித்து வைத்த பிள்ளை, நிலையத்தில் அடிபட்ட பிள்ளை, இவர்களுக்கான வழி இது.

இந்த ஒரு மாதம் கட்டாயமானது. ஆனாலும் நீதிமன்றம் இங்கே ஒரு சின்ன வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. செய்ய முடியாததைச் செய் என்று சட்டம் ஒருவரைக் கட்டாயப்படுத்தாது என்பதுதான் அந்த வாசல். நமசிவாயம் எதிர் குணவர்தன என்ற வழக்கில், அடைத்து வைக்கப்பட்டவருக்கு அந்த ஒரு மாதம் தடையில்லாமல் இயங்கக்கூடிய நாளிலிருந்துதான் எண்ணப்பட வேண்டும் என்று சொல்லப்பட்டது. எதிரிசூரிய எதிர் நவரட்ணம் வழக்கில், மீறல் நடந்ததை ஒருவர் எப்போது அறிந்தார் என்பதும் கணக்கில் எடுக்கப்பட்டது. இதோடு கமஎதிகே எதிர் சிறிவர்தன வழக்கையும் சேர்த்து நினைவில் வையுங்கள். வேறு இடங்களில் முறையிட்டுக்கொண்டிருந்தேன் என்பது அந்த ஒரு மாதத்தை நிறுத்தாது என்று அதில் தீர்க்கப்பட்டது. பொலிஸ் அத்தியட்சகருக்கு எழுதினேன், பாராளுமன்ற உறுப்பினரைப் பார்த்தேன், பதிலுக்குக் காத்திருந்தேன் என்பதெல்லாம் உண்மையாக இருக்கலாம். அதனால் கூடுதல் நாள் கிடைக்காது.

இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் நாட்கள் எண்ணப்படாது. ஆனால் முறைப்பாட்டு ரசீதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் இருந்துவிட முடியாது. விசாரணை உண்மையில் நடக்கிறதா என்று நீதிமன்றம் கேட்டிருக்கிறது. ஆணைக்குழு அனுப்பிய கடிதம், அழைத்த திகதி, போய் வந்த திகதி எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

மூன்றாவது வகைதான் எங்கள் தாய்மாருக்கு அதிகம் தேவைப்படுவது. ஒரு வீட்டில் வேலைக்கு நின்ற மகளுக்கு அடி, சூடு, அல்லது வெளியே சொல்ல முடியாத வேறு கொடுமை. அது குற்றம். பொலிஸில் சொல்ல வேண்டியது. குற்றத்துக்கு ஒரு மாதம், ஆறு மாதம் என்ற எல்லை இல்லை. கொலையையும் தேசத் துரோகத்தையும் தவிர்ந்த குற்றங்களுக்கு 20 வருடம் வரை வழக்குத் தொடர சட்டம் இடம் தருகிறது. ஆகவே "நாலு மாதம் கழிந்துவிட்டது, இனி எடுக்க முடியாது" என்று பொலிஸ் நிலையத்தில் யாராவது சொன்னால் அது சரியல்ல.

ஆனால் வழக்கில் எதிர்ப்பக்க வழக்கறிஞர் எழும்பி முதலில் கேட்பது, "உண்மையாக நடந்திருந்தால் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?" என்றுதான். இதற்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் சுமணசேன எதிர் சட்டமா அதிபர் வழக்கில் வழி காட்டியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு 1999ஆம் ஆண்டின் சட்ட அறிக்கையில் இருக்கிறது. பிந்திச் சொன்னார் என்பதற்காக மட்டும் ஒரு சாட்சியைத் தள்ளிவிடக் கூடாது. ஏன் பிந்தியது என்று பார்க்க வேண்டும். காரணம் ஏற்கத்தக்கதாக இருந்தால் அந்தச் சாட்சியத்தை நம்பி நடக்கலாம். இதுதான் அதன் சாரம். அதாவது, காரணத்தைச் சொல்ல வேண்டியது எங்கள் பக்கம். சொல்லாமல் விட்டால் நீதிமன்றம் எங்களுக்காகக் கற்பனை செய்யாது.

அந்தக் காரணத்தை எப்படிச் சொல்வது? கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் நின்ற பிள்ளையின் உதாரணத்தை வைத்தே சொல்கிறோம். நவம்பரில் அடி விழுந்தது. மார்ச்சில் முறைப்பாடு. இடையில் நாலு மாதம்.

பெரும்பாலானோர் எழுதிக்கொண்டு வருவது இப்படி: "பயத்தினால் இவ்வளவு நாளும் சொல்ல முடியவில்லை. தாமதத்துக்கு மன்னிக்கவும்." இது உண்மைதான், ஆனால் பலவீனமானது. யாருக்குப் பயம், எதற்குப் பயம், அந்தப் பயம் எப்போது நீங்கியது என்று இதில் ஒன்றும் இல்லை. மன்னிப்புக் கேட்கவும் தேவையில்லை. அடி வாங்கியவர் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

நாலு மாதத்தை ஒரே மூட்டையாகக் கட்டாமல் துண்டு துண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு காரணம் இருக்கும். அதைச் சரியாக எழுதினால் இப்படி வரும்:

"அடி விழுந்தது கார்த்திகைத் தீபத்துக்கு அடுத்த நாள். என் போனை வீட்டுக்கார அம்மா வாங்கி வைத்திருந்தார். மாதம் ஒருமுறை அவர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் ஊருக்குப் பேசினேன். தைப்பொங்கலுக்கு லீவில் போனபோது அம்மாவிடம் காயத்தைக் காட்டினேன். அம்மா என்னைத் தோட்ட டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனார். மூன்று மாதச் சம்பளம் பாக்கி இருந்தபடியால் திரும்பவும் அந்த வீட்டுக்கே போனேன். மாசி மாதக் கடைசியில் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வந்து எட்டாவது நாள் சங்கத்துக்குப் போனேன். மறுநாள் இந்த முறைப்பாட்டைக் கொடுக்கிறேன்."

இதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நவம்பர் முதல் பொங்கல் வரைக்கும் தடை என்ன என்று இருக்கிறது. பொங்கலில் முதன்முதலாக யாரிடம் சொன்னார் என்று இருக்கிறது. திரும்பிப் போனதை அவர் மறைக்கவில்லை. "அடித்த வீட்டுக்கே ஏன் திரும்பிப் போனாய்?" என்று எதிர்ப்பக்கம் கேட்கத்தான் போகிறது. அதை நாமே முதலில் காரணத்தோடு சொல்லிவிட்டால் அந்தக் கேள்வியின் கூர் மழுங்கிவிடும். தடை நீங்கிய பிறகு எத்தனை நாளில் வந்தார் என்பதும் இருக்கிறது. எல்லாத் துண்டிலும் முக்கியமானது இந்தக் கடைசித் துண்டு. தடை இருந்த நாலு மாதத்தை நம்புகிறவர்கள், தடை நீங்கிய பின் சும்மா இருந்த இரண்டு மாதத்தை நம்பமாட்டார்கள்.

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சின்ன ஆதாரம் தேடுங்கள். பெரிய பத்திரங்கள் வேண்டாம். டிஸ்பென்சரித் துண்டு, பஸ் டிக்கெட், அம்மாவின் போனில் உள்ள அழைப்புப் பட்டியல் போதும். ஊருக்குத் திரும்பித் தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால் செக்ரோலில் அந்தத் திகதி இருக்கும். அம்மாவிடம் பொங்கலில் சொன்னதற்குத் தனிப் பெறுமதி உண்டு. சம்பவம் நடந்ததை ஒட்டிய காலத்தில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது அவருடைய பிந்திய சாட்சியத்தை உறுதிப்படுத்த உதவலாம் என்பது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 157ஆம் பிரிவு. அது எவ்வளவு நெருங்கிய காலம் என்று நீதிமன்றம் பார்க்கும். ஆகவே அம்மாவும் ஒரு சாட்சி. பிள்ளை என்ன சொன்னதோ அதை மட்டும் சொல்லும் சாட்சி. கூட்டிச் சொல்லக் கூடாது.

இனி, செய்யக்கூடாத இரண்டு.

திகதி தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள். "நவம்பர் 14" என்று எழுதிவிட்டு, அன்றைக்கு வீட்டுக்காரர் ஊரிலேயே இல்லை என்று தெரிந்தால் முழுக் கதையும் ஆடிப்போகும். "தீபத்துக்கு அடுத்த நாள்", "சம்பள நாளுக்கு முந்தின ஞாயிறு" என்று நினைவிருப்பதைச் சொல்லுங்கள். "சரியான திகதி நினைவில்லை" என்று சொல்வது குறையல்ல.

அடுத்தது, காரணத்தைப் பெருப்பிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கு விட்டார்கள் என்றால் "நாலு மாதமும் பூட்டி வைத்தார்கள்" என்று எழுதக்கூடாது. கோயிலில் கண்டவர் ஒருவர் வந்து சாட்சி சொன்னால், பூட்டி வைத்தது பொய் என்பதோடு அடித்ததும் பொய் என்றாகிவிடும். "ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு விட்டார்கள், ஆனால் வீட்டுக்கார அம்மாவும் கூட வருவார்" என்பதுதான் உண்மையென்றால் அதையே சொல்லுங்கள். அது போதும்.

முறைப்பாட்டில் காரணத்தை எங்கே வைப்பது என்றும் சிலர் கேட்கிறார்கள். முதலில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். யார், எங்கே, எப்போது, எப்படி. அதற்குப் பிறகு ஒரு பந்தியில் தாமதத்துக்கான காரணம். காரணத்தில் தொடங்கினால் படிப்பவருக்குக் குற்றத்துக்கு முன்பே சந்தேகம் தெரியும். ஆனால் காரணம் முதல் வாக்குமூலத்திலேயே இருக்க வேண்டும். முதலில் விட்டுவிட்டு இரண்டு வருடம் கழித்து நீதிமன்றத்தில் சொன்னால், "பொலிஸில் ஏன் இதைச் சொல்லவில்லை? பிறகு யாரோ சொல்லிக் கொடுத்தது" என்பார்கள்.

இதனால்தான் பொலிஸ் நிலையத்தில் அவசரப்படாதீர்கள் என்கிறோம். தமிழில் பதியும்படி கேளுங்கள். சிங்களத்தில் எழுதினால், கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தாமதத்துக்கு நீங்கள் சொன்ன காரணம் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். அதிகாரிக்கு அது தேவையில்லாத கதையாகத் தோன்றி விட்டுவிடக்கூடும். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.

கடைசியாக, பெற்றோருக்கு ஒரு வேலை. பிள்ளை கொழும்புக்கு வேலைக்குப் போகும் நாளிலேயே ஓர் அப்பியாசக் கொப்பியில் கடையின் அல்லது வீட்டின் விலாசம், முதலாளியின் பெயர், வேலை தொடங்கிய திகதி மூன்றையும் எழுதி வையுங்கள். பிள்ளை போனில் ஏதாவது பிரச்சினை சொன்னால் அன்றைய திகதியோடு அதையும் அந்தக் கொப்பியில் எழுதுங்கள். வேலையால் நிறுத்தினார்கள் என்று கேள்விப்பட்டால் அந்தத் திகதிக்கு வட்டம் போடுங்கள். அங்கிருந்து ஆறு மாதம். பொலிஸார் பிடித்தார்கள், அடித்தார்கள் என்றால் அங்கிருந்து ஒரு மாதம். அந்தக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். பிள்ளை லீவில் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.